நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது?

சிவகாசியில் தீபாவளிக்கான கேட்லாக், தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே அச்சுக்குப் போய்விடும். பட்டாசு வகைகளோடு, வெளியூர் ஏஜென்டுகளுக்குத் தரப்போகும் தொப்பியின் படமும் சில சமயம் அதில் இடம்பெறும். புது லோகோ போட்ட தொப்பி அப்போது தைத்திருக்க மாட்டார்கள். போன வருடத்துத் தொப்பியின் போட்டோ இருக்கும், புது லோகோவின் டிசைன் ஃபைல் இருக்கும். "லோகோவை மட்டும் மாத்திக் குடுங்க" என்று இரண்டையும் டிசைன் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அச்சடித்த தொப்பியானால் இது அரை மணி நேர வேலை. எம்பிராய்டரித் தொப்பியில் வேலை வேறு. பழைய லோகோவை அழித்து, புதியதை ஒட்டி, அதன்மேல் நூல் மாதிரி கோடு கோடாக ஒரு டெக்ஸ்சரைப் பரப்பினால், கடைக்காரர் பார்த்ததும் "ஸ்டிக்கர் மாதிரி இருக்கே" என்பார். எது சரியில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அவர் சொல்வது சரி. எல்லா எழுத்திலும் எல்லாக் கோட்டிலும் நூல் ஒரே பக்கமாக ஓடுகிறது. தைத்த எழுத்தில் அப்படி ஓடவே ஓடாது.

எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைனைத் தையலாக மாற்றிக் கொடுப்பவரைத் தொழிலில் பஞ்சிங் செய்பவர் என்பார்கள். அவர் எழுத்தை ஒரே வடிவமாகப் பார்ப்பதில்லை, கோடு கோடாகப் பிரித்துத்தான் பார்க்கிறார். ஒவ்வொரு கோட்டையும் ஊசி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும், அங்கிருந்து இங்கும் மாறி மாறித் தாண்டி நிரப்புகிறது. இதுதான் சாட்டின் தையல். நூல் கோட்டின் நீளத்தில் ஓடாது, குறுக்கே கிடக்கும். ஆகவே நேராக நிற்கும் கோட்டில் நூல் படுக்கையாகவும், படுத்திருக்கும் கோட்டில் நூல் செங்குத்தாகவும் இருக்கும். வளைவில் நூல் விசிறிபோல் திரும்பும். உள்வளைவில் நெருங்கும், வெளிவளைவில் விலகும். சுமார் 7, 8 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடங்களில் நூல் அவ்வளவு தூரம் தொங்கினால் எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே சாட்டின் போடமாட்டார்கள். குட்டிக் குட்டித் தையலாக வரிசை கட்டும் நிரப்புத் தையலைப் போடுவார்கள். இது பாய் முடைந்ததுபோலத் தட்டையாகத் தெரியும்.

இந்தத் திசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நூலே காரணம். ராஜபாளையம் மில்களில் நூற்கும் பருத்தி நூலைக் கையில் எடுத்துப் பாருங்கள். குட்டை இழைகளை முறுக்கியது என்பதால் மேலெல்லாம் மயிர் சிலிர்த்திருக்கும், ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். எம்பிராய்டரிக்குப் பெரும்பாலும் போடுவது பாலியஸ்டர் அல்லது ரேயான் நூல். அதில் இழைகள் அறுபடாமல் முழு நீளத்துக்கும் ஓடுகின்றன, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறது. இப்படிப்பட்ட நூல், ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடந்தால் மினுங்கும், ஒளியை நோக்கி நீண்டு கிடந்தால் மங்கும். எண்ணெய் வைத்து வாரிய தலைமுடியில் ஒளி ஒரு பட்டையாக, முடிக்குக் குறுக்கே விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே விதிதான் இது. கணினிப் படங்களில் முடிக்கும் ரோமத்துக்கும் ஒளி கொடுக்க ஜேம்ஸ் கஜியா, டிமதி கே இருவரும் 1989-இல் வெளியிட்ட கணக்கும் இந்தக் கோணத்தைத்தான் அடிப்படையாகக் கொண்டது.

ஒரே வெள்ளை நூலால் தைத்த எழுத்தில் நிற்கும் கோடு ஒரு வெள்ளையாகவும், படுத்த கோடு வேறொரு வெள்ளையாகவும் தெரிவது இதனால்தான். நூலின் கோடுகளை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் இந்த வெளிச்ச வேறுபாடு இல்லாவிட்டால் கண் நம்பாது. வெளிச்சம் சரியாக இருந்தால், கோடுகள் மங்கலாக இருந்தாலும் நம்பிவிடும். இந்த வேலையில் நான் கடைசியாகக் கற்றுக்கொண்ட பாடம் இதுதான், முதலில் கற்றிருக்க வேண்டியதும் இதுதான்.

ஒரு தொப்பியை எடுத்து முழுவதும் செய்து பார்ப்போம். கருநீலத் துணி, முன்பக்கம் நடுவில் தையல் ஓடும் ஆறு துண்டுத் தொப்பி. பழைய லோகோ 60 மில்லிமீட்டர் அகல வட்டம். சுற்றிலும் வெள்ளைச் சாட்டின் வளையம், உள்ளே நிரப்புத் தையலில் ஒரு தீச்சுடர். புது லோகோ பொன்மஞ்சள் நூலில் 90 மில்லிமீட்டர் நீள எழுத்து. கடையின் பெயர் நமக்கு வேண்டாம், அதற்குப் பதிலாக 'வாணம்' என்ற சொல்லை வைத்துக்கொள்வோம். ஒளி நேர் மேலிருந்து வருகிறது.

முதலில் அளவு. பழைய வட்டம் 60 மி.மீ. என்பது ஆர்டர் தாளில் இருக்கிறது. போட்டோவில் அது 720 பிக்சல் வருகிறது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 12 பிக்சல். தொப்பி எம்பிராய்டரியில் பொதுவாகப் போடும் 40 எண் நூலில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கும். ஆக ஒரு நூல் வரிசை போட்டோவில் ஐந்து பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. நூல் தனித்தனியாகத் தெரிய இது போதும். இதே தொப்பி மில்லிமீட்டருக்கு 4 பிக்சல் வரும்படி எடுக்கப்பட்டிருந்தால் ஒரு வரிசைக்கு ஒன்றரைப் பிக்சல்தான் கிடைக்கும். அந்தப் போட்டோவில் எந்த நூலும் உண்மையில் பதிவாகியிருக்காது. அதில் போய் நூல் வரைந்தால் தொப்பியின் மற்ற இடங்களைவிட லோகோ மட்டும் அதிகக் கூர்மையாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, பழைய லோகோவை அழிப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. அந்த வெள்ளை வளையம் ஒரு திசைகாட்டி. வளையத்தில் நூல் எப்போதும் குறுக்கே கிடப்பதால், சுற்றி வரும்போது அது எல்லாத் திசைகளையும் தொட்டுவிடுகிறது. வளையத்தின் இடது, வலது ஓரங்களில் நூல் படுக்கையாக இருக்கிறது, மேலும் கீழும் செங்குத்தாக இருக்கிறது. இந்தப் போட்டோவின் ஒளியில் எந்தத் திசை நூல் எவ்வளவு மினுங்கும் என்பதற்கான விடை வளையத்திலேயே இருக்கிறது. ஐ-டிராப்பரை வைத்து எட்டுத் திசையிலும் தொட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் தொப்பியில் பக்கவாட்டில் மினுக்கம் வளையத்தின் நடுவில், அதன் நீளத்துக்கே ஓடுகிறது. மேல்பகுதியில் மினுக்கம் மேலோரத்தை ஒட்டி ஏறியிருக்கிறது, கீழ்ப்பாதி இருண்டிருக்கிறது. காரணம், சாட்டின் நூல் தட்டையாகக் கிடப்பதில்லை, ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் பாலம்போல் வளைந்து நிற்கிறது. நூல் செங்குத்தாக இருக்கும்போது பாலத்தின் மேல் சரிவு ஒளியைப் பார்க்கிறது, கீழ்ச் சரிவு பார்ப்பதில்லை.

அந்த வளையம் நூலையும் தருகிறது. வேறு போட்டோவிலிருந்தோ இணையத்திலிருந்தோ நூல் டெக்ஸ்சர் எடுத்துத் திருப்பிப் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. திருப்பும்போது ஒளியும் சேர்ந்து திரும்பிவிடும். படுக்கை நூல் ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கம் வெளிச்சம், கீழ்ப்பக்கம் இருள். அதைத் தலைகீழாக்கினால் நூல் மேடாக இல்லாமல் பள்ளமாகத் தெரியும். வளையத்தில் இந்தத் தொல்லை இல்லை. படுக்கை நூல் வேண்டுமா, இடது ஓரத்திலிருந்து வெட்டுங்கள். சாய்ந்த நூல் வேண்டுமா, வளையத்தில் அதே சாய்வு இருக்கும் இடத்துக்குப் போய் வெட்டுங்கள். எதையும் திருப்ப வேண்டியதில்லை. வளையம் வளைந்திருப்பதால் நீளமாக வெட்டினால் நூல் விசிறியாக விரியும். 4 மி.மீ. நீளத் துண்டுகளாக வெட்டினால் விரிவு ஏழெட்டு டிகிரிதான், லேசாக வார்ப் செய்தால் நேராகிவிடும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டாதீர்கள். மெஷின் தைத்த நூலிலும் சிறு பிசிறுகள் உண்டு. அதே பிசிறு ஏழு இடத்தில் வந்தால் கண் பிடித்துவிடும்.

துண்டுகளை எடுத்துத் தனி லேயரில் பத்திரப்படுத்திய பிறகுதான் அழிக்கும் வேலை. இதற்கு நிழலையும் நெசவையும் பிரித்துக்கொள்வது நல்லது. போட்டோவை இரண்டு லேயராகப் பிரதி எடுங்கள். கீழ் லேயரை, நெசவு மறைந்து வளைவின் நிழல் மட்டும் மிஞ்சும் வரை Gaussian Blur கொண்டு மங்கலாக்குங்கள். மேல் லேயரில் Image > Apply Image திறந்து, Layer என்ற இடத்தில் கீழ் லேயரைத் தேர்ந்து, Blending: Subtract, Scale: 2, Offset: 128 என்று கொடுத்து, மேல் லேயரை Linear Light ஆக்கினால் படம் பழையபடி தெரியும். 8-பிட் படத்துக்கான எண்கள் இவை. இப்போது மேல் லேயரில் நெசவு மட்டும் இருக்கிறது, கீழ் லேயரில் வெளிச்சமும் நிறமும் மட்டும். லோகோ இருந்த இடத்தில் கீழே நீலத்தின் நிழலை மெதுவாக ஓட்டுங்கள், மேலே பக்கத்துத் துணியிலிருந்து நெசவைக் கொண்டுவந்து நிரப்புங்கள். தொப்பித் துணி டுவில் நெசவாக இருந்தால் சாய்கோடுகள் ஓடும். அவை நடுத்தையலின் இரு பக்கமும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும் என்பதில்லை, துண்டு எப்படி வெட்டப்பட்டதோ அப்படி இருக்கும். ஆகவே இடப்பக்கத்துக்கு இடப்பக்கத் துணி, வலப்பக்கத்துக்கு வலப்பக்கத் துணி. நடுத்தையலின் மேட்டை அழித்துவிடாதீர்கள். புது எழுத்துக்குக் கீழே அது மறையும், மேலும் கீழும் எட்டிப்பார்க்கும்.

பழைய தையல் துணியை இழுத்துப் பிடித்ததால் அதைச் சுற்றிச் சிறு சுருக்கங்கள் இருக்கும். வட்டத்தைச் சுற்றிய சுருக்கம் வட்டமாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு எழுத்தை வைத்தால், இல்லாத வட்டம் ஒன்று ஆவிபோல் தெரியும். கீழ் லேயரில் அதையும் ஓட்டிவிட வேண்டும்.

இனி எழுத்து. 'வாணம்' என்ற சொல்லை பஞ்சிங் செய்பவர்போல் பிரிக்க வேண்டும். பென்சிலால் தாளில் அம்புக்குறி போட்டுப் பார்ப்பது எனக்கு இன்றும் வசதி. வகரத்தின் வலப்பக்க நிலைக்கோடு: நூல் படுக்கை. அதன் அடிக்கோடு: நூல் செங்குத்து. இரண்டும் சந்திக்கும் மூலையில் சட்டத்தின் மூலையைப்போல் 45 டிகிரியில் ஒட்டலாம், அல்லது ஒரு கோடு மற்றதன்மேல் ஏறி முடியலாம். எதுவானாலும் அந்த இடத்தில் வெளிச்சம் சட்டென்று மாற வேண்டும், கரைந்து மாறக்கூடாது. ணகரத்தின் சுழிகளில் நூல் சுழன்று விசிறும். அங்கே வளையத்தின் துண்டுகளை அவற்றின் வளைவோடு அப்படியே பயன்படுத்தலாம், சுழி சிறியது என்பதால் இன்னும் சற்று வளைக்க வேண்டியிருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குச் செய்து பழகியவர்களுக்குத் தமிழ் எழுத்தில் கை திணறுவது இந்தச் சுழிகளில்தான். மகர மெய்யின் புள்ளி 3 மி.மீ. இருந்தால் அதில் ஏழெட்டு வரிசை நூல்தான் இருக்கும். அதற்கு ஒரே திசை, பெரும்பாலும் படுக்கை. அது கச்சிதமான வட்டமாகவும் இருக்காது, படிப்படியாக ஓரம் கட்டிய வட்டமாகத்தான் வரும்.

இந்தத் திசைகளை ஊகிக்காமல் தெரிந்துகொள்ள முடியுமானால் அதுவே மேல். எம்பிராய்டரி செய்யப்போகிறவர் பஞ்சிங் முடித்திருந்தால் அவரிடம் .dst ஃபைல் இருக்கும். ஒவ்வொரு ஊசிக்குத்தும் எங்கே விழுகிறது என்று அதில் இருக்கிறது. Inkscape-இல் இயங்கும் இலவச நீட்சியான Ink/Stitch அதைத் திறந்து தையலாகவே காட்டும். அந்தப் படத்தைப் போட்டோவின் அளவுக்குக் கொண்டுவந்து கீழே வைத்து, அதன்மேல் உங்கள் துண்டுகளை அடுக்கலாம். டிசைனர் வரைந்த லோகோவும் தையல் ஃபைலும் சற்று வேறுபட்டால், நூலின் திசைக்குத் தையலையும் கோட்டின் அகலத்துக்கு லோகோவையும் நம்புங்கள். நூல் இழுபடுவதால் கோடுகள் நூலின் திசையில் ஒடுங்கும். அதைச் சரிக்கட்ட பஞ்சிங்கில் கோட்டை முன்கூட்டியே கொஞ்சம் அகலமாக்கியிருப்பார்கள்.

துண்டுகளை எழுத்தின் கோடுகளில் அடுக்கி முடித்ததும் ஓரங்களைக் கவனிக்க வேண்டும். வெக்டார் ஓரம் சவரம் செய்ததுபோல் வழவழப்பாக இருக்கும். சாட்டினில் கோட்டின் இரு நீள ஓரங்களிலும்தான் நூல்கள் ஊசித்துளைக்குள் இறங்கி முடிகின்றன. அங்கே ஓரம் மிக நுண்ணிய ரம்பம்போல் இருக்கும். கோடு தொடங்கும் முனையிலும் முடியும் முனையிலும் கடைசி நூல் ஓரத்துக்கு இணையாகவே கிடப்பதால் அங்கே மட்டும் ஓரம் வழவழப்பு. மாஸ்க்கில் இதை மாற்றிச் செய்துவிட்டால், நூல் திசை சரியாக இருந்தும் எழுத்து கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கும்.

நிறத்துக்கு வருவோம். துண்டுகள் வெள்ளை, நமக்கு வேண்டியது பொன்மஞ்சள். மேலே ஒரு மஞ்சள் லேயரை Multiply-இல் வைத்தால் முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும். ஆனால் மினுக்கமும் அழுத்தமான மஞ்சளாகிவிடும். வழவழப்பான நூலின் உச்ச மினுக்கம் நூலின் நிறத்தைவிட விளக்கின் நிறத்துக்கே நெருங்கி இருக்கும். வெளிச்சம் மிகுந்த இடங்களில் மஞ்சளைக் குறைத்து வெள்ளையை எட்டிப்பார்க்க விடுங்கள். சிவகாசி நாட்காட்டியில் அம்மன் கட்டியிருக்கும் அரக்குப் பட்டின் மடிப்பு முகட்டில் ஓவியர் வெளிர் நிறத்தைத் தீட்டுவது நினைவுக்கு வருகிறது. அங்கே அரக்கைத் தீட்டியிருந்தால் பட்டு பட்டாக இருந்திருக்காது.

பிறகு வளைவு. தொப்பியின் சுற்றளவு 58 செ.மீ. என்றால் ஆரம் சுமார் 9 செ.மீ. அதில் 90 மி.மீ. எழுத்தை நடுவில் வைத்தால் ஒவ்வொரு ஓரமும் ஏறக்குறைய 28 டிகிரி திரும்பியிருக்கும். நேரே பார்க்கும்போது ஓர எழுத்துகள் பன்னிரண்டு சதவீதம் ஒடுங்கித் தெரியும். எழுத்தின் வடிவத்தை மட்டும் ஒடுக்கிவிட்டு நூலை விட்டுவிடக்கூடாது. ஓரத்திலுள்ள படுத்த கோடுகளில் நூல் வரிசைகளும் அதே அளவு நெருங்க வேண்டும். அதனால்தான் நூலைத் தட்டையான எழுத்தில் அடுக்கி முடித்து, எல்லாவற்றையும் ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, அதன்பின் சேர்த்து வார்ப் செய்யச் சொல்கிறேன். வளைத்த எழுத்தில் நூல் அடுக்கத் தொடங்கினால் நாள் முழுவதும் போய்விடும்.

கடைசியாக நிழல். சாட்டின் எழுத்து துணிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் எழும்பும். ஒளி மேலிருந்து வருவதால் ஒவ்வொரு கோட்டின் கீழோரத்திலும் மெல்லிய, அழுத்தமான நிழல் இருக்கும். Drop Shadow-வைக் கொண்டு அகலமான மென்நிழல் கொடுத்தால் எழுத்து தொப்பியில் ஒட்டாமல் மிதக்கும். ஃபோம் வைத்து உப்பலாகத் தைக்கும் பஃப் எழுத்தானால்தான் நிழல் அகலமாகலாம்.

வேலை முடிந்ததும் நான் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன். நூல் கோடுகள் தெரியாத அந்தப் பார்வையிலும் நிலைக்கோடும் படுத்த கோடும் வேறு வேறு சாம்பலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மினுக்கம் இன்னும் சரியாகவில்லை. பிறகு 100 சதவீதத்தில் லோகோவையும் தொப்பி முன்விளிம்பின் தையலையும் மாறி மாறிப் பார்ப்பேன். இரண்டின் கூர்மையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு தடை காத்திருக்கிறது. நம் தொப்பி நிஜத்தில் 18 செ.மீ. அகலம். கேட்லாக்கில் 6 செ.மீ. அகலத்தில் வருகிறது என்று வையுங்கள். 0.4 மி.மீ. நூல் வரிசை அங்கே 0.13 மி.மீ. ஆகிவிடும். ஆஃப்செட்டில் 175 ஸ்கிரீன் போட்டால் அச்சுப் புள்ளிகளின் இடைவெளி 0.145 மி.மீ. இரண்டு இடைவெளிகளும் இவ்வளவு நெருங்கி வந்தால் ஒன்றோடொன்று மோதி, நூலே இல்லாத இடத்தில் அலை அலையாக ஒரு கோலம் எழும். திரையில் அது தெரியாது, பிளேட் போட்ட பிறகுதான் தெரியும். தப்பிக்க ஒரு வழி, படத்தை முதலில் அச்சு அளவுக்கே சுருக்கி, அந்த அளவில் நூல் வரிசைகளை வேண்டுமென்றே மங்கலாக்கிவிடுவது. நூல் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். அந்த அளவில் மினுக்கத்தின் இடமாற்றமே தையல் என்று சொல்லிவிடும். அதே தொப்பி அட்டையில் முழு அளவில் வந்தால், அல்லது இணையக் கடையில் பெரிதாக்கிப் பார்க்க வைத்தால், நூலை அப்படியே விட்டுவிடலாம். ஒரே ஃபைலை இரண்டுக்கும் அனுப்பாமல் நூல் லேயரைத் தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

எல்லாத் தொப்பிக்கும் இது ஒத்துவராது. பழைய லோகோவில் சாட்டின் வளையமோ வளைவான எழுத்தோ இல்லாமல் வெறும் நிரப்புத் தையல் மட்டும் இருந்தால், திசைகாட்டியும் இல்லை, நூல் துண்டும் இல்லை. வெள்ளை நூல் போட்டோவில் முழுதாக வெளுத்துப் போயிருந்தாலும், கறுப்பு நூல் இருளில் கலந்திருந்தாலும் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. அப்போது எம்பிராய்டரி செய்பவரிடம் புது லோகோவை அதே நூலில், அதே துணியின் ஒரு வெட்டுத் துண்டில் ஒரு முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள். அதைத் தொப்பியின் வளைவுக்கு ஒரு டப்பாவின்மேல் சுற்றி, பழைய போட்டோவில் ஒளி எந்தப் பக்கமிருந்து வந்ததோ அதே பக்கம் விளக்கை வைத்து எடுங்கள். அந்தப் படத்திலிருந்து எழுத்தை வெட்டித் தொப்பியில் வைத்தால் நூலும் திசையும் மினுக்கமும் சேர்ந்தே வந்துவிடும். நீங்கள் போட வேண்டியது அந்த மெல்லிய கீழ் நிழல் மட்டும்தான்.